பூக்காரப் பெண்கள், ஒரு பக்கக் கடிதம், மூன்று வரைவுகள்: எதை அனுப்புவது?

பெங்களூரில் ரிசர்ச் அசிஸ்டென்ட் வேலை என்று விளம்பரம் வந்தால், பெரும்பாலும் அது ஒரு குறிப்பிட்ட ப்ராஜெக்டுக்கான தற்காலிக வேலை. நாகரபாவியில் ஐசெக், சதாசிவநகரில் ஐ.ஐ.எச்.எஸ்., சர்ஜாபூர் பக்கம் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் என்று சமூக ஆய்வு நடக்கும் இடங்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. சமூகவியல் முதுகலை முடித்த தமிழ்ப் பிள்ளைகள் ஓசூர், கிருஷ்ணகிரி, கே.ஜி.எஃப். பக்கமிருந்தெல்லாம் விண்ணப்பிக்கிறார்கள். நான் ஓர் ஆய்வு ப்ராஜெக்டில் கோஆர்டினேட்டராக இருக்கிறேன். வரும் விண்ணப்பங்களைப் பிரித்து முதல் அடுக்கு போடுவது என் வேலை. மதிப்பெண்ணும் படிப்பும் சி.வி.யில் இருக்கும். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். நிதியில் நடக்கும் ப்ராஜெக்டாக இருந்தால் சமூக அறிவியலில் முதுகலை, குறைந்தது 55 விழுக்காடு என்பது விதி. அந்த வேலியைத் தாண்டியவர்கள்தான் எல்லோரும். அதற்குமேல் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்த ஒரு பக்க கவர் லெட்டர்தான்.

என் சித்தி மகள் போன மாதம் அப்படி ஒரு விளம்பரத்துக்கு மூன்று வரைவு எழுதி எடுத்து வந்தாள். ஓசூர்க்காரி. முதுகலை ஆய்வேட்டுக்காக, விடியலில் கே.ஆர். மார்க்கெட்டில் பூ எடுத்து, சுற்றுத் தெருக்களில் உட்கார்ந்து கட்டி விற்கும் பெண்கள் 24 பேரிடம் பேசியிருக்கிறாள். 17 பேரிடம் தமிழில், 7 பேரிடம் கன்னடத்தில். வேலை, பதினொரு மாத ப்ராஜெக்டில்: தினக்கூலியும் சில்லறை வியாபாரமுமாகப் பிழைப்பவர்களின் கடனையும் சேமிப்பையும் பற்றிய சர்வே, கூடவே நேர்காணல்கள். கேள்வித்தாள் தயாரிக்க உதவ வேண்டும், களத்துக்குப் போக வேண்டும், ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கி ஆங்கிலத்தில் தர வேண்டும். கன்னடம் கட்டாயம், தமிழோ தெலுங்கோ இன்னொன்று. ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருள் தெரிந்தால் நல்லது.

மூன்று வரைவிலும் ஆள் ஒன்று, அனுபவம் ஒன்று. எதை முன்னால் வைப்பது என்பதில்தான் வித்தியாசம். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

முதல் வரைவு ஆய்வேட்டிலிருந்து தொடங்கியது. “முறைசாராப் பொருளாதாரத்தில் சாதி, பாலினம், இடம் ஆகியவை ஒன்றையொன்று எவ்வாறு வடிவமைக்கின்றன என்பதே என் ஆய்வேட்டின் மையக் கேள்வி. 24 ஆழ்நேர்காணல்களின் அடிப்படையில், தெருவோர வியாபாரத்தில் பெண்களின் இருப்பு பேரம்பேசலின் களமாக இருப்பதை வாதிட்டேன்.” பிறகு படித்த தாள்கள், கருத்தரங்கில் வாசித்த கட்டுரை, பேராசிரியரின் பெயர்.

மோசமான கடிதம் இல்லை. படிக்கிற பெண், ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போகத் தெரிந்தவள் என்பது புரிகிறது. ப்ராஜெக்டை நடத்தும் பி.ஐ.யும் பேராசிரியர்தானே, அவருக்கு இந்த மொழி பழகியது. ஆனால் இதையே அவள் வகுப்பில் படித்த இன்னொருவர், பூவை எடுத்துவிட்டு ஆட்டோவை வைத்து அனுப்பலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 24 நேர்காணல் என்பது ஒரு சொற்றொடரின் வாலில் தொங்குகிறது. அந்த 24 பேரை எப்படிப் பிடித்தாள், யார் பேச மறுத்தார்கள், எந்த மொழியில் பேசினாள், யார் எழுத்தாக்கினார்கள், எதுவும் இல்லை. களத்துக்கு ஆள் தேடுகிறவருக்குத் தேவைப்படுவது அத்தனையும் “அடிப்படையில்” என்ற ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டது.

இரண்டாவது வரைவு அவளுக்கு மிகவும் பிடித்தது. அவளோடு பி.ஜி.யில் தங்கியிருக்கும் தோழிகளுக்கும் பிடித்ததாம். “விடியற்காலை நாலு மணி. மேம்பாலத்துக்குக் கீழே சாமந்தி மூட்டைகள் இறங்குகின்றன. திருப்பத்தூரிலிருந்து இருபது வருடம் முன்பு வந்த, மகனை விபத்தில் பறிகொடுத்த அந்த அம்மா, முதல் நாளே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்…” இப்படிப் போகும். கடைசியில் “அவர்களுடைய குரலை உலகுக்குக் கொண்டுசேர்க்க விரும்புகிறேன்” என்று முடியும்.

“அக்கா, இதுல உயிர் இருக்குல்ல?” என்றாள்.

இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவள் எழுதியது என்பதும் தெரிகிறது. ஆனாலும் மூன்றில் முதலில் ஒதுக்கவேண்டியது இதுதான் என்பது என் முடிவு. நானூறு சொல் அளவில் முடிக்கவேண்டிய கடிதத்தில் நூற்றைம்பது சொல் காட்சிக்கே போய்விட்டது. ஆனால் அது பெரிய காரணமில்லை. அந்த அம்மாவை நான் அடையாளம் கண்டுவிடலாம் என்பதுதான் காரணம். பெயர் மாற்றியிருக்கிறாள், சரி. ஆனால் சொந்த ஊர், வந்த வருடம், மகனுடைய விபத்து, உட்காரும் இடம், விற்கும் பூ எல்லாம் சேர்ந்தால் பெயரே வேண்டாம். ஒரு காலைப்பொழுது மார்க்கெட்டுக்குப் போய் விசாரித்தால் போதும். அந்த அம்மா சம்மதம் கொடுத்தது ஆய்வேட்டுக்கு. அவர் துக்கம் ஒரு வேலை விண்ணப்பத்தின் முதல் பத்தியாவதற்கு இல்லை. இதைப் படிக்கும் பி.ஐ. தன்னுடைய நெறிமுறைக் குழுவிடம் “பங்கேற்பவர்களின் அடையாளம் வெளியே போகாது” என்று எழுதிக் கொடுத்தவர். நாளைக்கு நம்முடைய ப்ராஜெக்டில் கேட்டதையும் இந்தப் பெண் இப்படித்தான் வெளியே சொல்வாளோ என்ற சந்தேகம் அவருக்கு வந்தால் அதில் தப்பில்லை.

“குரலைக் கொண்டுசேர்ப்பது” பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் பூ விற்கும் பெண்களுக்குக் குரல் இல்லை என்று சொல்கிறவர்கள் ஒருநாளும் அவர்களிடம் பேரம் பேசிப் பார்த்ததில்லை. களப்பணி செய்தவள் எழுதும் வரியாக அது தோன்றவே இல்லை.

மூன்றாவது வரைவை அவள் அரைமனதோடுதான் எடுத்துக் காட்டினாள். “இது ரொம்ப சாதாரணமா இருக்குக்கா.” விளம்பரத்தில் கேட்ட வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதையே தான் களத்தில் எப்படிச் செய்தாள் என்று எழுதியது. அதில் ஒரு பத்தி:

“கேள்வித்தாளை இறுதி செய்யுமுன் ஆறு பெண்களிடம் சோதித்துப் பார்த்தேன். ‘மாத வருமானம் எவ்வளவு’ என்ற கேள்விக்கு ஒருவர்தான் எண்ணாகப் பதில் சொன்னார். அதனால் அந்தக் கேள்வியை உடைத்தேன்: நேற்று எவ்வளவு ரூபாய்க்குப் பூ எடுத்தீர்கள், எவ்வளவுக்கு விற்றீர்கள், எவ்வளவு வாடி மிஞ்சியது. பிறகு ஆஷாட மாதத்துக்கும் வரமகாலட்சுமி பண்டிகை வாரத்துக்கும் இதையே தனித்தனியாகக் கேட்டேன்.”

இந்தப் பத்திக்காகவே அவளை நேர்முகத்துக்குக் கூப்பிடலாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இப்படி எழுதிய அவளுக்கே இதன் மதிப்பு தெரியவில்லை.

அன்றாடம் முதல் போட்டு அன்றாடம் எடுக்கிறவர்களுக்கு மாத வருமானம் என்று ஓர் எண் கிடையாது. காலையில் எடுத்த பூவுக்கான காசு, டீ, பஸ், பிள்ளைக்குக் கொடுத்தது எல்லாம் ஒரே சுருக்குப் பையிலிருந்து போய்வரும். சம்பளக்காரர்களுக்காக எழுதப்பட்ட கேள்வியை அவர்கள்முன் வைத்தால் ஒன்று “தெரியலம்மா” என்பார்கள், அல்லது கேட்கிறவர் விடமாட்டார் போல என்று வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார்கள். இரண்டாவதுதான் ஆபத்து, அது தரவுத்தாளில் சுத்தமான எண்ணாக உட்கார்ந்துவிடும். நேற்றைக் கேட்டால் நினைவு பக்கத்தில் இருக்கிறது, பதில் வரும். ஆனால் நேற்றை முப்பதால் பெருக்கினால் மறுபடியும் தப்பு. ஆஷாடத்தில் கல்யாணம் இல்லை, பூ ஓடாது. வரமகாலட்சுமிக்கு முந்தைய நாட்களில் விலை எங்கேயோ போகும். சித்தி மகள் இதை மூன்று தனிக் கேள்வியாக்கியிருக்கிறாள். சர்வே நடத்தி அடிபட்ட எந்த பி.ஐ.யும் இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்காருவார். கேள்வித்தாள் தயாரிக்க உதவ ஆள் வேண்டும் என்று அவர் விளம்பரத்தில் எழுதியதற்கு இதைவிட நேரான பதில் இல்லை. “கேள்வித்தாள் வடிவமைப்பில் அனுபவம் உண்டு” என்று ஒரு வரியில் எழுதியிருந்தால் இதில் ஒன்றும் வெளியே தெரிந்திருக்காது.

மூன்றாவது வரைவில் நான் சேர்க்கச் சொன்னவை முக்கால்வாசி, அவள் மறைத்து வைத்திருந்தவைதான். 24 பேரில் 9 பேர் ரெக்கார்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மூன்று வரைவிலும் இது இல்லை. எழுதினால் குறையாகத் தெரியும் என்று பயம். களத்துக்கே போகாதவர்களுக்குத்தான் எல்லோரும் பேசுவார்கள், எல்லாம் பதிவாகும். 9 பேர் மறுத்தார்கள், அவர்கள் சொன்னதை அன்றிரவே குறிப்பாக எழுதினேன், பதிவு செய்த 15-ஐ நானே எழுத்தாக்கி மொழிபெயர்த்தேன் என்று எழுதினால், படிப்பவர் மனதில் கணக்கு ஓடும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்கச் சாதாரணமாகவே ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். சந்தை இரைச்சலில் எடுத்ததென்றால், அதுவும் ஆங்கிலத்துக்கு மாற்றவேண்டுமென்றால், இன்னும் கூடும். பதினைந்தை முடித்தவள் என்பது பொறுமைக்கு நற்சான்றிதழ் தேவையில்லாத சாட்சி.

இன்னொன்று ஆட்களைப் பிடித்த விதம். ஒருவர் கைகாட்டிய அடுத்தவர், அவர் கைகாட்டிய இன்னொருவர் என்றுதான் போயிருக்கிறாள். பத்து பேரை முடித்தபோது பார்த்தால், பெரும்பாலும் இரண்டே ஊரைச் சேர்ந்த உறவுக்காரர்கள். உடனே மார்க்கெட்டின் இன்னொரு பக்கத்திலிருந்து, கன்னடம் பேசும் பெண்களிடம் புதிதாகத் தொடங்கியிருக்கிறாள். அந்த ஏழு கன்னட நேர்காணல்கள் வந்த கதை அதுதான். இதை ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகப் போட்டிருக்கிறாள்! கடிதத்தில் இரண்டு வரி கொடுக்கச் சொன்னேன். தன் மாதிரி ஒருபக்கம் சாய்வதைக் களத்தில் இருக்கும்போதே கவனித்துத் திருத்தியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மற்றவர்கள் ஆய்வேட்டின் “வரம்புகள்” பகுதியில்தான் முதன்முதலாகக் கண்டுபிடிப்பார்கள்.

பதிவுகளை எங்கே வைத்திருந்தாள் என்றும் கேட்டேன். போனிலும், கடவுச்சொல் போட்ட ஒரு டிரைவிலும். பெயர்ப் பட்டியல் தனிக் கோப்பில். அதற்கு அரை வரி. (சமூகவியல் படித்தவர்களுக்கு இந்த அரை வரியின் அருமை தெரியாமல் இருக்காது. பின்னாளில் ஐசெக்குக்கு வந்த எம்.என். சீனிவாஸ், தன் கிராம ஆய்வுக்காகப் பகுத்து எழுதிய குறிப்புகளை 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் தீயில் பறிகொடுத்தவர். பிரதிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன.)

மொழியை எழுதுவதில் பெங்களூர்த் தமிழர்கள் ஒரு விசித்திரம் செய்வார்கள். கன்னடத்தைக் கூட்டிச் சொல்வார்கள், தமிழைச் சொல்லாமலே விடுவார்கள். வீட்டில் பேசுவதுதானே, அதை எதற்கு எழுத வேண்டும் என்று. இந்த ஊர்ச் சந்தைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் களப்பணிக்குத் தமிழ் வேலை செய்யும் மொழி, விளம்பரத்திலேயே கேட்டிருக்கிறார்கள். கன்னடத்துக்கு அவள் முதலில் எழுதியிருந்தது “சரளம்”. மாற்றச் சொன்னேன். இப்போது இப்படி இருக்கிறது: “கன்னடத்தில் நேர்காணல் நடத்துவேன், அச்சடித்த கேள்வித்தாளை வாசித்துக் கேட்பேன், கன்னடத்தில் எழுதிப் பழக்கமில்லை.” இதனால் அவள் வாய்ப்பு குறையாது. முதல் வாரமே கேள்வித்தாளைக் கன்னடத்தில் மொழிபெயர்த்துத் தரச் சொல்லி மாட்டிக்கொள்வதிலிருந்து தப்பிக்கலாம்.

ஸ்டாட்டாவும் அப்படித்தான். “அடிப்படை அறிவு உண்டு” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஷார்ட்லிஸ்டில் வந்தவர்களுக்குப் பல இடங்களில் ஒரு சிறு தேர்வு வைக்கிறார்கள். கலைந்து கிடக்கும் தரவுக் கோப்பைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்வார்கள். அங்கே தெரிந்துவிடும். எக்செல்லில் செய்திருக்கிறேன், ஸ்டாட்டா இன்னும் கற்கவில்லை என்று ஒரு வாக்கியம் போதும். விளம்பரத்தில் அது “இருந்தால் நல்லது” என்ற பட்டியலில்தான் இருக்கிறது. அதற்காக மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதினால் இருப்பதும் கண்ணில் படாமல் போகும்.

மூன்றாவது வரைவுக்கும் ஒரு குறை உண்டு. இந்த வேலைகளெல்லாம் செய்வாள், சரி. இந்த ப்ராஜெக்ட் இவளுக்கு எதற்கு? அந்த இடத்தில் முதல் வரைவு பக்கத்தில் நிற்கிறது, அதில் ஒரு கேள்வியாவது இருந்தது. அவளுடைய ஆய்வேட்டைப் புரட்டியபோது இதற்கு விடை கிடைத்தது. அவள் கடனைப் பற்றித் தனியாகக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. இருந்தும் 24 பேரில் 19 பேர் தாங்களாகவே தண்டலைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்: முன்னாலேயே ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு கொடுத்து, தினமும் மாலையில் வந்து வசூலித்துப் போகிறவர்கள். சிலர், வசூலுக்கு ஆள் வரும் நேரமாயிற்று என்று பேச்சைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் கடைசிப் பத்தி இப்படி ஆனது: “கடன் என் ஆய்வின் கேள்வி அல்ல, ஆனால் 19 பேர் அதைப் பேச்சில் கொண்டுவந்தார்கள். அதைத் தொடர்ந்து கேட்க என்னிடம் தயாரான கேள்விகள் இல்லை. உங்கள் ப்ராஜெக்ட் கேட்பது அதைத்தான்.” ஆர்வம், ஈடுபாடு, பேரார்வம் என்ற சொற்கள் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆக, இந்த விளம்பரத்துக்கு மூன்றாவது வரைவு, முதல் வரைவின் கேள்வி மனத்தோடு. எல்லா விளம்பரத்துக்கும் இதே விடை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் கையில் இன்னொரு விளம்பரமும் இருந்தது: ஒரு பேராசிரியர், நகரச் சந்தைகளைப் பற்றிய சிறிய இனவரைவியல் ஆய்வு, ஒரே ஒரு ஆள், “பிஎச்.டி. செய்யும் எண்ணம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை”. அங்கே வேலை, பாதிக்குமேல் படிப்பதும் எழுதுவதும்தான். அதற்கு முதல் வரைவைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். “பேரம்பேசலின் களம்” போன்றவற்றை நீக்கிவிட்டு, முதல் பத்தியில் கேள்வி, இரண்டாவதில் மாதிரி சாய்ந்ததும் அவள் திருத்தியதும், மூன்றாவதில் அந்தப் பேராசிரியர் எழுதியதில் அவள் ஒத்துப்போகாத ஓர் இடம். வருமானக் கேள்வியை உடைத்த கதை அங்கே ஒரு வரிக்குமேல் தேவையில்லை.

சர்வே ஏஜென்சிகள் வேறு ரகம். எத்தனை பேரை மேற்பார்த்தாய், டேப்லெட்டில் கோபோ மாதிரியான படிவத்தில் வேலை செய்தாயா, நிரப்பிய படிவங்களை மறுபடி போய்ச் சரிபார்த்தாயா என்றுதான் பார்ப்பார்கள். அவளுக்கு அந்த அனுபவம் இல்லை. இரண்டாவது வரைவை நம்பி அங்கே போட்டால் நேரம்தான் வீண்.

இரண்டாவது வரைவிலிருந்து ஒரே ஒரு தகவல் தப்பியது. காலைக் கூட்டம் ஓய்ந்தபின், பதினொன்றிலிருந்து ஒரு மணிவரைதான் அந்தப் பெண்கள் பூ கட்டிக்கொண்டே நிதானமாகப் பேசுவார்கள். நேர்காணல்களை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன் என்பது. நாலு மணி சாமந்தி மூட்டைகளை விடக் களத்தைத் தெரிந்தவள் என்று அதுதான் காட்டுகிறது. டீ வாங்கிக்கொடுத்த அம்மாவை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. “பேர், ஊர் எல்லாம் எடுத்துட்டா போடலாமா அக்கா?” என்று இரண்டு தடவை கேட்டாள். எல்லாவற்றையும் எடுத்தபின் அங்கே மிஞ்சுவது ஒரு டீதான் என்றேன்; சிரித்துக்கொண்டே அழித்தாள்.

கடிதம் 410 சொல்லில் நின்றது. எழுத்து மாதிரியாக எந்த அத்தியாயத்தை இணைப்பது என்பதில் அவளுக்குக் கோட்பாட்டு அத்தியாயம்தான் விருப்பம். நான் ஆய்வுமுறை அத்தியாயத்தைச் சொன்னேன்; கடிதத்தில் சொன்ன வருமானக் கேள்வியும் மாதிரித் திருத்தமும் அங்கேதான் விரிவாக இருக்கின்றன, சந்தேகப்படுகிறவர் உடனே புரட்டிப் பார்க்கலாம். பி.டி.எஃப். ஆக்கும்போது முழு ஆய்வேட்டிலிருந்து பக்கங்களைப் பிரித்தாள். முன்பக்கங்களும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. நன்றியுரையில் பூக்காரப் பெண்கள் பதினோரு பேருக்கு உண்மைப் பெயரிலேயே நன்றி சொல்லியிருந்தாள். அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டு, பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் பிரதியை மாற்ற யாரைக் கேட்கவேண்டும் என்று தன் வழிகாட்டிக்கு அன்றே மெயில் போட்டாள்.